வெளிச்சம் விழுந்த பொத்தான்

வெளிநாட்டு நகரம் ஒன்றில், கைப்பை, பெட்டி விற்கும் கடையின் மேல்மாடியில் ஆறு மேசைகள் போட்ட ஓர் அறை. அந்த நாட்டுக்குப் புதிதாக வந்து, மொழி தெரியாமல் திருதிருவென்று விழிப்பவர்கள், தங்களுக்குப் புரியாததைப் போனில் படம் பிடித்து அந்த அறைக்கு அனுப்புவார்கள். ஒவ்வொரு மேசைக்கும் ஒரு மொழி. ஜன்னல் ஓரத்து மேசை தமிழுக்கு.

அந்த மேசைக்காரிக்கு அலுவலகத்தில் பூதக்கண்ணாடி என்று பெயர். எந்தப் படம் வந்தாலும் அதை இழுத்து இழுத்துப் பெரிதாக்கி, மூக்கு திரையில் இடிக்கிற அளவுக்குக் குனிந்து பார்த்த பிறகுதான் வாயைத் திறப்பாள். மற்ற மேசைக்காரர்கள் பத்து படம் முடிக்கிற நேரத்தில் இவள் நான்கு முடித்தால் பெரிய விஷயம். கேலி செய்வார்கள். செய்துவிட்டுப் போகட்டும் என்று இருப்பாள். மருந்துப் புட்டியையும் காஸ் அடுப்பையும் குத்துமதிப்பாகப் படிக்க முடியாது என்பது அவள் கட்சி.

வருகிற படங்களில் பாதி வீட்டுச் சாமான்கள். வாஷிங் மெஷின் மட்டும் வாரத்துக்கு ஏழெட்டு வந்துவிடும். புது வீட்டில் குடியேறுகிறவர்களுக்கு அடுத்த நாளே அழுக்குத்துணி சேர்ந்துவிடுகிறதே, என்ன செய்வது. அவள் அதற்கென்று ஒரு முறை வைத்திருந்தாள். படத்தின் மேலேயே ஒவ்வொரு பொத்தானுக்கும், திரையில் எரியும் ஒவ்வொரு சின்னத்துக்கும் சிவப்பில் எண் போடுவாள். கீழே எண்ணுக்கு எதிரே தமிழ். எழுத்து தெரியாத இடத்தில் 'தெரியவில்லை, மறுபடி படம் எடுத்து அனுப்பவும்' என்று போட்டுவிடுவாள். தெரியாததைத் தெரிந்த மாதிரி எழுதக்கூடாது. அது அவளாகவே வைத்துக்கொண்ட சட்டம். அலுவலகத்துக்கென்று இன்னொரு சட்டம் இருந்தது. படத்தில் இருப்பதைச் சொல்லலாம், யோசனை சொல்லக்கூடாது. 'நீ சொன்னதைக் கேட்டுத்தான் கெட்டுப்போச்சு' என்று நாளைக்கு ஒருவர் வந்து நிற்கக்கூடாது பாருங்கள், அதற்காக.

அன்று காலை வந்த படமும் வாஷிங் மெஷின்தான். முன்பக்கம் வட்டக் கண்ணாடிக் கதவு வைத்தது. அதோடு ஒரு வரி: 'இதில் என்ன எழுதியிருக்கிறது, கரண்டு வந்ததும் தானாக எரிகிறது.'

அவள் வழக்கம்போல எண் போட்டாள். ஒன்று, திருகுகுமிழ், பருத்தித்துணி என்ற இடத்தில் நிற்கிறது. இரண்டு, தண்ணீரின் சூடு, அறுபது. மூன்று, பிழியும் வேகம். இப்படியே போய் ஆறாவது, சிரிக்கிற குழந்தை முகம். பொத்தான் பூட்டு போட்டிருக்கிறது என்று அர்த்தம். எட்டாவது, திரையில் பெரிய எண், 3:10. அதன் பக்கத்தில் சின்னக் கடிகாரம் எரிந்துகொண்டிருந்தது. கடிகாரத்துக்கு நேர் கீழே ஒன்பதாவது பொத்தான். அதன் மேல் ஜன்னல் வெளிச்சம் பளிச்சென்று விழுந்து, இரண்டு சொற்களில் ஒன்றை வழித்துத் துடைத்திருந்தது. 'நேரம்' என்ற சொல் மட்டும் மிச்சம்.

கடிகாரச் சின்னம், கீழே நேரம். இந்த மாதிரி எத்தனை மெஷின் பார்த்திருக்கிறாள். தொடங்கும் நேரம்தான், வேறென்ன. பின்னால் இன்னும் ஒன்பது பேர் வரிசையில் இருந்தார்கள். மேற்பார்வையாளர் வேறு இரண்டு தடவை இந்தப் பக்கமாக நடந்துவிட்டார். அவள் எழுதினாள்: 'ஒன்பது, தொடங்கும் நேரம். இன்னும் மூன்று மணி நேரம் பத்து நிமிடம் கழித்து மெஷின் தானாகத் துவைக்கத் தொடங்கும்.'

அனுப்பி ஒரு நிமிடம் ஆகவில்லை, அதே எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. வயதான பெண்குரல். சத்தம் கம்மியாக, ஒவ்வொரு சொல்லையும் எடுத்து வைக்கிற மாதிரி பேசினாள்.

அந்த மெஷின் இருப்பது தன் மகனின் அறையில் என்றாள் அந்த அம்மா. மகன் இந்த ஊரில் ஒரு கிடங்கில் இரவு வேலை பார்த்தவன். வேலைக்குப் போகிற வழியில் வண்டி மோதி, ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும் முன்பே போய்விட்டான். அவளும் அவன் அப்பாவும் வந்து காரியமெல்லாம் முடிந்துவிட்டது. இன்றைக்குச் சாயங்காலம் அறையைக் காலி செய்து சாவியைக் கொடுக்க வேண்டும், ராத்திரி விமானம். அவனோடு வேலை செய்த பையன்தான் இந்த எண்ணைக் கொடுத்தான். மத்தியானம் வருவதாகச் சொல்லிவிட்டு வேலைக்குப் போயிருக்கிறான்.

பூதக்கண்ணாடிக்கு 'அடடா அம்மா' என்று மட்டும் வந்தது. அதையும் சரியாகச் சொன்னோமா என்று அவளுக்கே சந்தேகம்.

அந்த அம்மாவுக்கு ஆறுதல் வேண்டியிருக்கவில்லை. கதவுதான் திறக்க வேண்டியிருந்தது. கண்ணாடி வழியாக மகனுடைய துணி தெரிகிறது என்றாள். நீலச் சட்டை, துண்டு, வீட்டில் கட்டுகிற கைலி. அலமாரியில் இருக்கிற எல்லாத் துணியையும் எடுத்துப் பார்த்துவிட்டாளாம். எல்லாம் துவைத்து மடித்தது. படுக்கை விரிப்பு, தலையணை உறையையெல்லாம் வீட்டுக்காரர் நல்ல மனதோடு ஏற்கெனவே சலவைக்குப் போட்டு வாங்கி வைத்துவிட்டார்.

"எதை எடுத்தாலும் சோப்பு வாசனைதான் வருதும்மா. என் புள்ள வாசனை இதுக்குள்ள மட்டும்தான் இருக்கு. இது இன்னும் தோய்க்காத துணிதானே?"

தோய்க்காத துணிதான் அம்மா, தண்ணீரே இன்னும் இறங்கவில்லை என்றாள் இவள்.

"திறக்க வரல. நாங்களா எதையாச்சும் அழுத்த பயமா இருக்கு. தப்பா அழுத்தி தண்ணி வந்துட்டா?"

அந்தப் பயம் நியாயமானதுதான். ஊரில் அவர்கள் கல்லில் துவைக்கிறவர்கள். இந்த மாதிரி மெஷினைத் தொட்டதுகூட இல்லை. யோசனை சொல்லக்கூடாது என்ற சட்டமும் இவள் நாக்கைப் பிடித்து இழுத்தது. மூன்று மணி நேரம் இருக்கிறதே, மகனின் நண்பர் மத்தியானம் வந்துவிடுவார், அவர் பழகிய கை, அவரையே திறக்கச் சொல்லுங்கள், அதுவரை எதையும் தொடாதீர்கள் என்றாள். அந்த அம்மாவின் மூச்சு சற்று இறங்கியது போனிலேயே கேட்டது. பயம் தணிந்தவர்களுக்குப் பேச்சு வருமல்லவா, அவளுக்கும் வந்தது. விடியற்காலை நாலு மணிக்குப் போலீஸ் வந்து சொன்னதும் வீட்டுக்காரர் அறையின் மெயின் சுவிட்சை அணைத்துப் பூட்டிவிட்டாராம். இன்றைக்கு இவர்களுக்காகத்தான் போட்டுவிட்டிருக்கிறார். மகன் தினமும் வேலை முடிந்து ஏழு மணிக்கு அறைக்கு வந்ததும் அவளோடு போனில் பேசுவான். ஒரு கையால் துணியைக் காயப்போட்டுக்கொண்டே பேசுவானாம். உதறுகிற சத்தம் கேட்குமாம்.

நண்பர் வரட்டும், நிதானமாக மற்ற வேலைகளைப் பாருங்கள் என்று சொல்லிப் போனை வைத்தாள் பூதக்கண்ணாடி.

அடுத்த படம் ஒரு தண்ணீர் ஹீட்டர். அதற்கு எண் போட ஆரம்பித்தவளுக்கு மூன்றாம் எண்ணில் கை நின்றது. ஹீட்டரில் ஒரு தப்பும் இல்லை. உதறுகிற சத்தம்தான் காதில் நின்றது.

ஏழு மணிக்கு வருகிறான், வந்ததும் துணியைக் காயப்போடுகிறான். அப்படியென்றால் ஏழு மணிக்குத் துணி துவைத்து முடிந்திருக்க வேண்டும். வீட்டுக்காரர் கரண்டை அணைத்தது நாலு மணி. அப்போது நின்ற எண்ணிலிருந்துதான் மெஷின் இன்றைக்குத் தொடர்கிறது, மிச்சம் மூன்று மணி பத்து நிமிடம். கூட்டினால் ஏழு, ஏழு பத்து. ராத்திரி முழுக்கக் கண் விழித்து வருகிற எவனாவது மெஷினை ஏழு மணிக்குத் தொடங்கும்படி வைப்பானா? வைக்க மாட்டான். ஏழு மணிக்கு முடியும்படி வைப்பான்.

பழைய படத்தைத் திறந்தாள். ஒன்பதாவது பொத்தானை இழுத்துப் பெரிதாக்கினாள். வெளிச்சம் பெரிதானதே தவிர எழுத்து வரவில்லை. அங்கே அவள் படித்தது ஒன்றுமே இல்லை, மனதிலிருந்து எழுதியிருக்கிறாள். தெரியவில்லை என்று எழுதியிருக்க வேண்டிய இடம் அது. சில மெஷின்களில் அந்தக் கடிகாரம் தொடங்கும் நேரத்தைக் காட்டும், சிலவற்றில் முடியும் நேரத்தைக் காட்டும். முடியும் நேரம் என்றால், துவைக்கிற நேரமும் அந்த எண்ணுக்குள்ளேயே அடக்கம். பருத்தித்துணி, அறுபது டிகிரி என்றால் அவள் வீட்டு மெஷினே இரண்டரை மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொள்ளும். மூன்று பத்தில் அதைக் கழித்தால் மிச்சம் அரை மணி நேரம் தேறினால் அதிகம். படம் வந்தே இருபது நிமிடத்துக்கு மேல் ஆகிவிட்டது.

அந்தம்மா பயந்து பயந்து கேட்டாளே, அவளைச் சும்மா இரு என்று உட்கார வைத்தது நான்தானே என்று நினைத்தாள்.

போன் போட்டாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடியும் போட்டாள், அதே கதை. மேற்பார்வையாளர் வந்து ஹீட்டர் என்ன ஆயிற்று என்று கேட்டார். இருங்கள் என்று கையைக் காட்டினாள். அவரை அப்படி யாரும் நிறுத்தியதில்லை, நின்றுவிட்டார்.

மூன்றாவது தடவை ஓர் ஆண்குரல், மூச்சு வாங்க எடுத்தது. மகனின் அப்பா. இரண்டு பேரும் அட்டைப்பெட்டிகளைக் கீழே இறக்கிக்கொண்டிருந்தார்களாம். அவன் அம்மா இன்னும் கீழேதான் இருக்கிறாள் என்றார்.

"ஐயா, நான் சொன்னது தப்பு. அந்த மெஷின் இப்பவே தொடங்கிடும். நீங்க மெஷின்கிட்ட போங்க. தண்ணி சத்தம் கேக்குதா பாருங்க."

அவர் ஏன், எதற்கு என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. செருப்புச் சத்தம் ஓடியது. பிறகு, சத்தம் இல்லை, கடிகாரம் இன்னும் எரிகிறது என்றார். பிளக்கைப் பிடுங்க முடியுமா என்று கேட்டாள். அது சமையல் மேடைக்கு அடியில் பலகை அடித்துப் பதித்த மெஷின். பிளக்கும் குழாயும் பின்னால் எங்கேயோ இருக்கின்றன, கை போகாது என்றார். மெயின் சுவிட்ச் வீட்டுக்காரர் பூட்டிய பெட்டிக்குள்.

இனிமேல் பொத்தான்தான் வழி. அலுவலகச் சட்டம் அவளுக்கு நினைவுக்கு வந்தது. வந்த வழியே போனது. குமிழுக்கு வலது பக்கம் கடைசியில் இருக்கிற பெரிய பொத்தானை ஒரு தடவை அழுத்துங்கள் என்றாள். கீச்சென்று ஒரு சத்தம் கேட்டது.

"ஏதோ ரெண்டு எழுத்து வருதும்மா. கெட்டுப்போச்சா?"

எழுத்து அவருக்குப் படிக்கத் தெரியவில்லை. முதல் எழுத்து வாய் திறந்த வளையம் மாதிரி, அடுத்தது நின்று பக்கத்தில் கால் நீட்டின கோடு மாதிரி என்றார். அது கெடவில்லை ஐயா, பூட்டு, என்றாள் இவள். ஆறாம் எண், சிரிக்கிற குழந்தை. சின்னப்பிள்ளைகள் அழுத்திவிடக்கூடாது என்பதற்காக வைத்த பூட்டு. குறுகலான சமையல் இடத்தில் தன் இடுப்பு பட்டு மெஷின் நின்றுவிடக்கூடாதென்று அவனும் அதைப் போட்டு வைத்திருப்பான். அது இருக்கும்வரை எந்தப் பொத்தானும் பேச்சைக் கேட்காது. குழந்தை முகம் அச்சடித்திருக்கிற இடத்துக்கு இரண்டு பக்கமும் இருக்கிற பொத்தான்களைச் சேர்த்து அழுத்தி, நான் சொல்கிறவரை எடுக்காதீர்கள் என்றாள். மனசுக்குள் நிதானமாக எண்ணினாள். எடுங்கள்.

"கொழந்த போயிடுச்சும்மா," என்றார் அவர்.

சொன்ன பிறகுதான் அந்தச் சொல் அவர் காதிலேயே விழுந்திருக்க வேண்டும். இவள் கண்ணை மூடிக்கொண்டு, ஐயா, இப்போது அந்தப் பெரிய பொத்தான், என்றாள். அழுத்தினார். எண் அப்படியே நின்று மினுக்குகிறது என்றார். குமிழை மேலே, கோடு போட்டிருக்கிற இடத்துக்குத் திருப்புங்கள், அதுதான் அணைக்கிற இடம். திருப்பினார். எல்லா விளக்கும் அணைந்தது. கதவை இப்போதே இழுக்காதீர்கள், உள்ளே பூட்டு விடுபடக் கொஞ்ச நேரம் ஆகும் என்றாள். படியில் யாரோ மெதுவாக ஏறி வருகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு டக்கென்று ஒரு சின்னச் சத்தம்.

"தொறந்துடுச்சு," என்றார் அப்பா. இவளிடம் இல்லை, வாசலில் வந்து நின்ற மனைவியிடம்.

போனை எங்கேயோ வைத்துவிட்டார்கள். துணி உரசுகிற சத்தம் கேட்டது. ஒரு தடவை, அந்த அம்மா மகனைக் கூப்பிடுகிற செல்லப்பெயரைச் சொன்னாள். கேட்கக்கூடாததைக் கேட்டுவிட்ட மாதிரி இருந்தது இவளுக்கு. வைத்துவிடலாம் என்று விரல் போயிற்று, வைக்கவில்லை. மேற்பார்வையாளர் பக்கத்து நாற்காலியை இழுத்து உட்கார்ந்துவிட்டிருந்தார். ஹீட்டர் படத்தை அவரே எடுத்து வேறு மேசைக்கு மாற்றிவிட்டார்.

அந்த அம்மாதான் பேசினாள், கடைசியில்.

"ஈரம் படலம்மா. அப்படியே இருக்கு."

அம்மா, நான்தான் வெளிச்சத்தில் எழுத்து தெரியாமலே தப்பாக எழுதிவிட்டேன், கொஞ்சம் விட்டிருந்தால் எல்லாம் போயிருக்கும் என்றாள் இவள். அந்த அம்மா அதைக் காதில் போட்டுக்கொண்ட மாதிரியே தெரியவில்லை. அவளுக்கு வேறு ஒன்று தெரிய வேண்டியிருந்தது.

"அந்தப் பொத்தான்ல சரியா என்னதான் போட்டிருக்கு? இவரு கைய வெச்சு வெளிச்சத்த மறைச்சுக்கறாரு. மறுபடி படம் எடுத்து அனுப்பறேன், சரியா பாத்து சொல்லு."

படம் வந்தது. நரம்பு புடைத்த ஒரு கை ஜன்னல் வெளிச்சத்தை மறைத்துக்கொண்டிருக்க, அதன் நிழலில் இரண்டு சொல்லும் தெளிவாக இருந்தன. பூதக்கண்ணாடி பெரிதாக்கிப் பார்த்தாள். ஒரு தடவைக்கு மூன்று தடவை பார்த்தாள்.

"முடியும் நேரம்னு போட்டிருக்கும்மா. காலைல ஏழு மணிக்குத் தோய்ச்சு முடிச்சிருக்கணும்னு வெச்சுட்டுப் போயிருக்கார். அவர் வர்ற நேரத்துக்கு."

"வந்து காயப்போடத்தான்," என்றாள் அந்த அம்மா.

"ஆமாம்மா. வந்து காயப்போடத்தான்."

எதிர்முனையில் இரண்டு பேரும் தணிந்த குரலில் ஏதோ பேசிக்கொண்டார்கள். அப்பா வேண்டாம் என்கிற மாதிரி கேட்டது, பிறகு சரி என்கிற மாதிரி. மெஷினுக்குள் துணி திணிக்கிற சத்தம் வந்தது. கதவு சாத்துகிற சத்தம். பூதக்கண்ணாடி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"அம்மா, என்ன பண்றீங்க?"

"சட்டைய மட்டும் எடுத்துக்கிட்டேன். அது போதும் எனக்கு. மிச்சத்த உள்ள போட்டுட்டேன்." அந்த அம்மா மூக்கை உறிஞ்சினாள். குரல் மட்டும் கலங்கவில்லை. "தோய்க்கணும்னு நெனச்சுப் போட்டுட்டுப் போன துணி. அழுக்கோட மூட்டை கட்டி எடுத்துட்டுப் போக மாட்டேன். சாயங்காலம் வரைக்கும் நேரம் இருக்கு. எப்படிப் போடறதுன்னு சொல்லும்மா. நான் இது வரைக்கும் போட்டதில்ல."

அந்த அறையில் எத்தனையோ பேருக்கு எத்தனையோ பொத்தான்களைச் சொல்லியிருக்கிறாள் இவள். இப்படி ஒரு பொத்தானைச் சொல்ல நேரும் என்று நினைத்ததில்லை. இடது பக்கத்துச் சின்ன இழுப்பறையை இழுத்து, இரண்டு கோடு போட்டிருக்கிற தடத்தில் சோப்புத்தூள் இருக்கிறதா பாருங்கள் என்றாள். இருந்தது. அவனே போட்டு வைத்தது, கட்டி தட்டிப்போயிருக்கிறது என்றாள் அம்மா. உதிர்த்துவிட்டுவிடுங்கள். குமிழைப் பழைய இடத்துக்கே திருப்புங்கள், படத்தில் ஒன்றாம் எண்ணில் நிற்கிறதே, அதே இடம்.

"திருப்பிட்டேன். ரெண்டு, நாப்பத்தஞ்சுன்னு வருது."

மூன்று பத்திலிருந்து இரண்டு நாற்பத்தைந்து. பூதக்கண்ணாடி மனதுக்குள் கழித்துப் பார்த்தாள். படம் வந்ததிலிருந்து இருபத்தைந்தே நிமிடம்தான் இருந்திருக்கிறது. அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. எவ்வளவு நூலிழையில் தப்பியது என்று அந்த அம்மாவுக்குத் தெரிந்து ஒன்றும் ஆகப்போவதில்லை.

"கடிகாரப் பொத்தான அழுத்தணுமாம்மா? அவன் வெச்ச மாதிரி?"

"வேண்டாம்மா. நீங்க அங்கயேதானே இருக்கீங்க. பெரிய பொத்தான் மட்டும் போதும். உடனே தொடங்கிடும்."

அழுத்துகிற சத்தம் கேட்டது. கதவு டக்கென்று பூட்டிக்கொண்டது. ஒரு மூச்சு நேரம் ஒன்றுமில்லை. பிறகு தண்ணீர் இறங்கத் தொடங்கியது. போனில் கேட்கும்போதே அது நிறைய தண்ணீர் மாதிரி இருந்தது.

"வெக்கட்டுமாம்மா?" என்றாள் அந்த அம்மா. "முடிஞ்சதும் நான் காயப்போடணும்."